33+2 என்று எழுதியதால் வந்த வினை

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் பட்டியலை எக்செலில் போட்டேன். 40 பிள்ளைகள், ஐந்து பாடம். கணக்கில் 33 எடுத்த ஒரு பையனுக்கு இரண்டு கருணை மதிப்பெண் தந்து, நோட்டில் எழுதுவதுபோல அந்தக் கட்டத்தில் 33+2 என்றே தட்டிவிட்டேன். மற்ற பாடங்களில் 78, 64, 71, 80. மொத்தம் 328 வர வேண்டும், வந்ததோ 293.

உற்றுப் பார்த்தால் அந்த 33+2 மட்டும் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நின்றது. எண் என்றால் வலப்பக்கம் நிற்கும். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டாமலே விட்டுவிட்டது.

சரி என்று, B முதல் F வரை பிள்ளை எடுத்த மதிப்பெண்ணை அப்படியே வைத்தேன். கருணை மதிப்பெண் G-யில் தனியாக. H-இல் எடுத்த மொத்தம், I-யில் கருணையோடு சேர்ந்த மொத்தம். அட்டையில் I போகும். ரேங்க் H-ஐ வைத்துத்தான். சொந்தமாக 328 எடுத்தவளும், 326-உடன் இரண்டு வாங்கியவனும் ஒரே ரேங்க் என்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் சமநிலை. இருவர் 412 எடுத்து இருவருக்கும் 3 வந்தது. கணக்கில் கூடுதலாக எடுத்தவர் முன்னால் என்பது எங்கள் வழக்கம். கணக்கு D-யில் இருப்பதால்:

```
=RANK(H2,H$2:H$41)+COUNTIFS(H$2:H$41,H2,D$2:D$41,">"&D2)
```

கணக்கில் 91 எடுத்தவள் 3, 88 எடுத்தவன் 4. கணக்கும் சமமென்றால் இருவருக்குமே 3, அடுத்தவருக்கு 5. அதற்குமேல் நான் பிரிப்பதில்லை.