பார்கோடு பிரிப்புத் தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆவணங்களை ஒரே அடுக்காக ஸ்கேனரில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் பார்கோடு அச்சிட்ட ஒரு தாளைச் செருகுகிறோம். மென்பொருள் அந்தத் தாளைப் பார்த்ததும் அங்கே வெட்டி, தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த ஆவணத்தைப் புதிய கோப்பாகத் தொடங்குகிறது. வழிமுறை இவ்வளவுதான். இதில் தொல்லை என்னவென்றால், தவறு நடந்தாலும் திரையில் ஒரு எச்சரிக்கைகூட வராது. ஒரு பார்கோடு படிக்கப்படாமல் போனால் இரண்டு ஆவணங்கள் ஒரே கோப்பாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஆவணத்தைத் தேடும் நாளில்தான் அது தெரியவரும்.

மோசமான தவறு ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மென்பொருள்களில் ‘எந்தப் பார்கோடு வந்தாலும் பிரி’ என்று அமைக்க முடியும். வசதியாகத் தோன்றும். ஆனால் பில்களிலும் கூரியர் சீட்டுகளிலும் பார்கோடு சாதாரணமாகவே இருக்கும். அப்படி ஒரு பக்கம் நடுவில் வந்தால் மென்பொருள் அதைப் பிரிப்புத் தாள் என்று நினைத்துக்கொள்ளும். ஆவணம் இரண்டாக உடைவது பாதிக் கெடுதல்தான். பிரிப்புத் தாளை நீக்கும்படி அமைத்திருந்தால், அந்த உண்மையான பக்கமே காணாமல் போய்விடும். ஆகவே பார்கோடுக்குள் இருக்கும் எழுத்தைக் குறிப்பிட்டு, அது மட்டும் வந்தால் பிரிக்கும்படி வையுங்கள். paperless-ngx என்ற ஆவண மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அது இப்படி இருக்கும்:

```
PAPERLESS_CONSUMER_ENABLE_BARCODES=true
PAPERLESS_CONSUMER_BARCODE_STRING=PATCHT
```

அடுத்தது தாளை அச்சிடும் விதம். பலர் பார்கோடைச் சின்னதாக ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். தாள் முழுக்கக் காலியாக இருக்கும்போது இந்தக் கஞ்சத்தனம் எதற்கு? PATCHT என்ற ஆறு எழுத்தை கோட் 128 வகையில் எழுதினால் மொத்தம் 101 அலகு அகலம் வரும். ஓர் அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு புள்ளி சுமார் 0.085 மி.மீ. மெல்லிய கோடு 0.5 மி.மீ. இருந்தால் அதன்மேல் ஏறக்குறைய ஆறு புள்ளிகள் விழும். தாள் கொஞ்சம் சாய்ந்தாலும், படம் சுருக்கப்பட்டதில் ஓரம் கலங்கினாலும் தாங்கும். அந்த அளவில் கோடுகளுக்கு மட்டும் 50.5 மி.மீ. வேண்டும். இரு பக்கமும் பத்து அலகு, அதாவது 5 மி.மீ. வெள்ளையாக விடவேண்டும். ஆக மொத்தம் 60 மி.மீ. சொச்சம். ஏ4 தாளில் இது ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளை இடத்தில் கட்டம் கட்டுவதும் ‘பிரிப்புத் தாள்’ என்று எழுதுவதும் வேண்டாம். பார்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது.

பார்கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. தாளை இழுத்துப் படிக்கும் ஸ்கேனரின் கண்ணாடியில் ஒரு துளி பசையோ தூசியோ ஒட்டினால், தாள் நகரும் திசையிலேயே மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு விழும். பார்கோடின் கோடுகளும் அதே திசையில் இருந்தால், அந்த அழுக்குக் கோடு இன்னொரு பார்கோடு கோடாகவே தெரியும். எந்த இடத்தில் படித்தாலும் தப்பாகத்தான் வரும். கோடுகள் குறுக்காக இருந்தால் அழுக்கு ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே கெடுக்கும், அதற்குப் பக்கத்தில் படித்துக்கொள்ளலாம். சரி, எந்தத் திசையில் அச்சிடுவது? ஒரே தாளில் நேராக ஒன்று, படுக்கையாக ஒன்று என இரண்டையும் போட்டுவிடுங்கள். தாளை எப்படித் திருப்பி வைத்தாலும் ஏதாவது ஒன்று பிழைக்கும்.

இருபக்க ஸ்கேனில் தாளின் பின்பக்கமும் ஒரு படம்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டிருந்தால், முன்பக்கம் நீக்கப்பட்ட பிறகு வெற்றான பின்பக்கம் அடுத்த ஆவணத்தின் முதல் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெற்றுப் பக்கங்களை நீக்கும் வசதியைப் போட்டு இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: மங்கலான பென்சில் குறிப்பு மட்டும் உள்ள பக்கத்தையும் அது வெற்று என்று எடுத்துப் போட்டுவிடலாம். இரு பக்கமும் அச்சிடுவதே நல்லது. அடுத்தடுத்து இரண்டு பார்கோடு வந்தால் நடுவில் பக்கமே இல்லாத ஒரு கோப்பு உருவாகுமோ என்று தயங்க வேண்டாம். Paperless-ngx அப்படிப்பட்ட காலித் துண்டை விட்டுவிடுகிறது. வேறு மென்பொருள் என்றால் மூன்று தாள் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு பக்கம் படிக்கப்படாவிட்டாலும் மறுபக்கம் வெட்டிவிடும்.

இவ்வளவு செய்தும் எண்ணாமல் விட்டால் பயனில்லை. கோப்புகளை மட்டும் எண்ணுவதும் போதாது. ஓர் உதாரணம்: 20 ஆவணங்கள், மொத்தம் 74 தாள்கள், இடையில் 19 பிரிப்புத் தாள்கள். இருபக்க ஸ்கேன், வெற்றுப் பக்க நீக்கம் கிடையாது. ஸ்கேனர் 93 தாள் இழுக்க வேண்டும், 186 படம் வர வேண்டும். பிரிப்புத் தாள்களின் 38 படங்கள் கழிந்தால் 20 கோப்புகளில் மொத்தம் 148 பக்கங்கள் இருக்க வேண்டும்.

19 கோப்பும் 150 பக்கமும் வந்தால், ஒரு பிரிப்புத் தாள் இரு பக்கமும் படிக்கப்படாமல் உள்ளே தங்கியிருக்கிறது. வழக்கத்தைவிடப் பருத்த கோப்பைத் திறந்தால் அது கண்ணில் படும். 21 கோப்பும் 147 பக்கமும் என்றால், ஏதோ ஒரு ஆவணப் பக்கத்தைப் பிரிப்புத் தாளாக எடுத்து எறிந்துவிட்டது. சூட்சுமமானது இந்த இரண்டும் ஒரே அடுக்கில் நடப்பது: கோப்புகள் சரியாக 20 வரும், பக்கங்களோ 149. கோப்பை மட்டும் எண்ணியவர் அடுக்கைக் கட்டி உள்ளே வைத்துவிடுவார்.

கோப்பு 20, பக்கம் 147 என்று வந்தால் சந்தேகம் வேறு பக்கம் போகவேண்டும். பிரிப்புத் தாளும் அதை ஒட்டிய ஆவணத் தாளும் சேர்ந்தே இழுபட்டிருக்கலாம். அப்போது ஸ்கேனர் ஒன்றின் முன்பக்கத்தையும் மற்றதன் பின்பக்கத்தையும் பார்க்கிறது. பிரிப்பு ஒழுங்காக நடக்கும், ஆவணத்தின் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கும். பலமுறை பயன்படுத்தி ஓரம் சுருண்ட பிரிப்புத் தாள்கள் இதற்கு நல்ல காரணம். லேசர் அச்சின் மை பக்கத்துத் தாளில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கோடுகள் வெளுத்தாலோ முனை மடிந்தாலோ அந்தத் தாளை எறிந்துவிட்டு மூலக் கோப்பிலிருந்து புதிதாக அச்சிடுங்கள், பழையதை நகல் எடுக்காதீர்கள். ஸ்கேனரில் இரட்டைத் தாள் எச்சரிக்கை இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டாம். அடிக்கடி நின்று எரிச்சலூட்டும்தான், ஆனால் மேலே சொன்ன 147-ஐ அந்த இடத்திலேயே பிடிப்பது அது ஒன்றே.

அப்புறம், மொத்தம் ஒத்துப்போகும் வரை அடுக்கைக் கலைக்காதீர்கள். பிரிப்புத் தாள்கள் இடையில் இருக்கும்போது மட்டும்தான் எந்த ஆவணத்தில் கோளாறு என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்ய முடியும்.