காணாமல் போன கணவர், ஏழு வருடக் கணக்கு, மறுமணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப நீதிமன்றத்துக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள், கணவரைக் காணவில்லை என்று ஒரு கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஏழு வருஷம் ஆயிடுச்சா?" என்பதுதான். ஆகிவிட்டது என்றால் வேலை முடிந்தது போல ஒரு நிம்மதி. நாங்களும் அப்படிக் கேட்டுத்தான் தொழிலுக்கு வந்தோம். முகவரிப் பிழை, நீதிமன்றக் கட்டணம் மாதிரியான சறுக்கல்களை யாராவது ஒரு குமாஸ்தா திருத்திவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் திருத்தாமல் போய், பத்து வருடம் கழித்து ஒரு குடும்பத்தின் தலையில் விழும் தவறுகள்தான் இங்கே.

ஏழு வருடம் ஆனால் திருமணம் தானாக முடிந்துவிடும் என்று நினைப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. ஏழு வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலிருந்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 111-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு சொல்வது மிகக் குறைவு. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருடமாக எதுவுமே கேள்விப்படவில்லை என்று நிரூபித்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான். நிரூபிக்கும் பொறுப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுகிறது. அந்தப் பிரிவில் திருமணம் என்ற பேச்சே இல்லை.

அடுத்து பலரும் கண்டுகொள்ளாத விஷயம் தேதி. ஏழு வருடம் ஆகிவிட்டதால் அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் எந்தத் தேதியில் இறந்தார் என்ற அனுமானம் கிடையாது. காணாமல் போன அன்றே இறந்தார் என்றோ, ஏழாவது வருடம் முடிந்த அன்று இறந்தார் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கேள்வி நீதிமன்றத்தின் முன் எழும்போதுதான் அனுமானமும் எழும்; அதற்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட நாளில் இறந்தார் என்று சொல்பவர் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அது காப்பீட்டு வழக்குதானே என்று ஒரு ஜூனியர் என்னிடம் சொன்னார். காப்பீட்டில் பணம் போகும். திருமணத்தில் என்ன போகும் என்று பாருங்கள்.

ஒரு பெண்மணி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவர் 2009-இல் வேலைக்கு என்று கிளம்பிப் போனார். அந்த ஆகஸ்டில் ஒரு போன் வந்தது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. 2017-இல் யாரோ ஒரு வக்கீல் "ஏழு வருஷம் தாண்டிடுச்சும்மா, சட்டப்படி அவர் இறந்தவர், நீங்க கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றார். மனு எதுவும் போடவில்லை. அரசு ஊழியர் ஒருவருடன் முறைப்படி திருமணம் நடந்தது, பதிவும் செய்தார்கள், ஒரு மகன் பிறந்தான். 2021-இல் அந்த இரண்டாவது கணவர் இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது அவருடைய அண்ணன் ஆட்சேபம் தெரிவித்தார். இந்தம்மாவுக்கு முதல் கணவர் இருக்கிறார், ஆகவே இது திருமணமே இல்லை என்றார். துறை முதல் கணவரின் இறப்புச் சான்றிதழைக் கேட்டது.

இந்தக் கட்டத்தில்தான் கோப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன்பே இன்னொருவர் அவசரமாக ஒரு உரிமையியல் வழக்குப் போட்டு, முதல் கணவர் இறந்தவராக அனுமானிக்கப்படுகிறார் என்று தீர்ப்பும் வாங்கியிருந்தார். அந்தத் தீர்ப்பே அந்தப் பெண்மணிக்கு எதிராகத் திரும்பியது. அதில் இறந்த தேதி இல்லை. அனுமானம் எழுந்தது வழக்குத் தாக்கலான 2021-இல். அப்படியானால் 2017-இல், தாலி ஏறிய அன்று, முதல் கணவர் இறந்திருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. முப்பது வருடத்துக்குள் உயிரோடு இருந்ததாகக் காட்டப்பட்ட ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 110-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 107, சொல்கிறது. எங்களிடம் பதில் இல்லை. இந்து திருமணச் சட்டம் 5(i) பிரிவின்படி திருமண நாளில் இருவருக்குமே உயிரோடு வாழ்க்கைத்துணை இருக்கக் கூடாது. இருந்தால் 11-ஆம் பிரிவின்படி அந்தத் திருமணம் செல்லாது. மகனுக்கு 16-ஆம் பிரிவின் பாதுகாப்பு இருந்ததால் அவன் பங்கு தப்பியது. அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

2017-இல் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு மனு. இந்து திருமணச் சட்டம் 13(1)(vii)-இன் கீழ், ஏழு வருடமாக உயிரோடு இருப்பதாகக் கேள்விப்படவில்லை என்ற காரணத்தைச் சொல்லி விவாகரத்து கேட்டிருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பின் பலமே, அவர் இறந்தாரா இருக்கிறாரா என்ற கேள்வியைத் தேவையற்றதாக்குவதுதான். நாளைக்கு அவரே வாசலில் வந்து நின்றாலும், முறையாக சம்மன் சார்வு செய்து பெற்ற விவாகரத்து விவாகரத்துதான். இறந்தவர் என்று அறிவிக்கும் சிவில் தீர்ப்பு சொத்துக்கும், வங்கிக்கும், இறப்புப் பதிவுக்கும் உதவும். மறுமணத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளே மண்டபம் பார்க்கவும் கூடாது. 15-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் அது 90 நாள், குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள். எது பொருந்தும் என்ற வாதத்துக்குள் கட்சிக்காரரை இழுக்காமல் 90 நாளையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"இருதார வழக்கு வராது, ஆகவே திருமணம் செல்லும்"

முந்தைய தவறின் தம்பி இது. பழைய தண்டனைச் சட்டம் 494, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 82, இரண்டிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. துணைவர் தொடர்ந்து ஏழு வருடம் இல்லாமல், உயிரோடு இருப்பதாகவும் கேள்விப்படாமல் இருந்தால், மறுமணம் செய்பவர் மீது இருதாரக் குற்றம் வராது. அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே, தனக்குத் தெரிந்தவரை உண்மை நிலையை மணக்கப்போகிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல் திருமணத்தை மறைத்தால் தண்டனை இன்னும் கூடும். விதிவிலக்கு காப்பாற்றுவது சிறையிலிருந்து மட்டும். முதல் கணவர் உயிரோடு இருப்பது தெரியவந்தால் அந்த இரண்டாவது திருமணத்தை அது காப்பாற்றாது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

கடைசியாகச் செய்தி வந்த நாளிலிருந்து. வீட்டை விட்டுப் போன நாளோ, புகார் கொடுத்த நாளோ அல்ல.

யாரைச் சாட்சி சொல்ல வைப்பது

"இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்" என்ற சொற்றொடரைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவருக்கு ஏன் தகவல் வரவேண்டும்? காணாமல் போனவரின் தாய், உடன்பிறந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள்தான் முக்கியம். மனைவிக்குத் தகவல் இல்லை என்பது மட்டும் போதாது. தாயிடம் மட்டும் எப்போதாவது பேசிக்கொண்டிருந்தால் முழு வழக்கும் அங்கேயே சரிந்துவிடும். ஆகவே மனு எழுதுவதற்கு முன்பே கணவர் வீட்டாரிடம் நேரில் பேசிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் தெரிய வந்தால் தாமதம்.

காணாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன்காரருக்குப் பயந்தோ, வேறொரு பெண்ணோடோ போனவர் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருப்பார். அவருடைய மௌனத்தை வைத்து இறந்துவிட்டார் என்று சொல்வது பலவீனமான வாதம். அந்த மாதிரி வழக்கில் ஏழு வருடம் காத்திருக்கவே வேண்டாம்! தானாக விட்டுவிட்டுப் போனார் என்று காட்ட முடிந்தால் 13(1)(ib)-இன் கீழ் கைவிடல், இரண்டு வருடம் போதும். ஆனால் அதற்கு, திரும்பி வரக்கூடாது என்ற எண்ணத்தோடு போனார் என்று நிரூபிக்க வேண்டும். மனநிலை தவறியோ, கடலுக்குப் போயோ காணாமல் போனவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது, அங்கே ஏழு வருடக் காரணம்தான் வழி. கேட்டதும் ஏழு என்று சொல்லிவிட்டு, இரண்டில் முடிந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணை ஐந்து வருடம் சும்மா காக்க வைத்த வக்காலத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

நாளிதழ் விளம்பரம் கொடுத்தால் சம்மன் முடிந்தது என்பது

முடியாது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு முயன்ற பின், நீதிமன்றம் அனுமதித்தால்தான் விளம்பரம்.

முஸ்லிம் பெண்ணுக்கும் ஏழு வருடம் சொல்வது

1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டத்தின் 2(i) பிரிவில் நான்கு வருடம்தான். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஹனஃபி சட்ட அறிஞர்கள், காணாமல் போனவனின் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் வாழ்நாளே முடிந்துவிடும். மாலிக்கி அறிஞர்கள், கலீஃபா உமர் அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி, நான்கு வருடம் காத்திருந்து, அதன்பின் கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை முடித்து மறுமணம் செய்யலாம் என்றார்கள். இந்தியாவில் பெரும்பாலானோர் ஹனஃபிகள் என்பதால் அந்தச் சிக்கலைத் தீர்க்க மாலிக்கி வழியைச் சட்டமாக்கினார்கள்.

புதியவர்கள் தவறவிடுவது நான்கு வருடத்தை அல்ல, அதற்கு அடுத்து வரும் ஆறு மாதத்தை. இந்தக் காரணத்தில் தரப்படும் தீர்ப்பு, வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவர் நேரிலோ, அதிகாரம் பெற்ற ஒருவர் மூலமோ வந்து, இல்லறக் கடமைகளைச் செய்யத் தயார் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும். ஆகவே தீர்ப்பு நகலைக் கையில் கொடுத்துவிட்டு "முடிஞ்சுதும்மா" என்று அனுப்பாதீர்கள். ஆறு மாதம், அப்புறம் இத்தா, அதன் பிறகே நிக்காஹ்.

இன்னொன்று, 3-ஆம் பிரிவு. கணவர் இறந்திருந்தால் யார் யார் வாரிசாவார்களோ அவர்கள் பெயர்களைப் பிராதில் எழுதி, அவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கணவருடைய தந்தையின் சகோதரரும், கணவரின் சகோதரரும் இருந்தால், அவர்கள் வாரிசு இல்லை என்றாலும் தரப்பினராகச் சேர்க்க வேண்டும். சித்தப்பாவை விட்டுவிட்டதால் திருப்பி அனுப்பப்பட்ட பிராதுகளை ரெக்கார்டு ரூமில் தேடினால் கிடைக்கும்.

கிறிஸ்தவர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்கள்

அங்கேயும் ஏழு வருடம், அங்கேயும் விவாகரத்து மனு.