டெஸ்ட் கேஸ் டேபிள் போடுறது எப்படி: ஆத்தங்குடி கல்லு கணக்கை வச்சு ஒரு செய்முறை

காரைக்குடியில நாங்க மூணு பேர் டீம். ஒருத்தன் கோட் எழுதுவான், ஒரு தங்கச்சி டெஸ்டிங் பாக்கும், நான் கஸ்டமர்கிட்ட பேசிட்டு மிச்ச வேலை எல்லாம் பாப்பேன். ஆத்தங்குடியில கல்லு பட்டறை வச்சிருக்குற ஒரு அண்ணனுக்கு சின்னதா ஒரு ஆப் செஞ்சு குடுத்தோம். ரூமோட நீளம் அகலம் போட்டு கல்லு சைஸ் தேர்ந்தெடுத்தா எத்தனை கல்லு வேணும்னு சொல்லும், அவ்வளவுதான். டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குடுத்தோம், டேபிள்கூட இருந்துச்சு. அதுல முதல் வரி இப்படி இருந்துச்சு பாருங்க:

| ஸ்டெப்ஸ் | எக்ஸ்பெக்டட் | ஆக்சுவல் | ஸ்டேட்டஸ் |
|---|---|---|---|
| அளவு போட்டு கணக்கு பண்ணவும் | கல்லு எண்ணிக்கை சரியா வரணும் | சரியா வருது | பாஸ் |

ஒரு வாரத்துல அண்ணன் போன் பண்ணிட்டாரு. "தம்பி, ஒரு வீட்டுக்கு ஒரு கல்லு குறையுது, ஒரு கல்லுதானேன்னு நெனைக்காதீங்க, அடுத்த தடவை ஊத்துனா அதே கலர் வராது"ன்னாரு. அது நெஜந்தான். ஆத்தங்குடி கல்லு கையால கண்ணாடி மேல கலர் ஊத்தி செய்றது, ஒவ்வொரு தடவையும் கலர் லேசா மாறும், அதனால குறைஞ்ச ஒரு கல்லை அப்புறமா ஒட்டுனா அது மட்டும் தனியா தெரியும். சரி, அந்த பாஸ் எப்படி பாஸ் ஆச்சுன்னு உக்காந்து பாத்தப்பதான் டேபிளையே மொதல்லேர்ந்து போட்டோம். அதைத்தான் இங்க சொல்றேன், கூகுள் ஷீட்ஸ் போதும், வேற டூல் எதுவும் வேண்டாம்.

ஸ்டெப் 1: கணக்கோட விதியை கஸ்டமர் வாயாலயே வாங்குங்க

டேபிளைத் திறக்குறதுக்கு முன்னாடி இது. அண்ணன் சொன்ன விதி: ரூமோட பரப்பளவை ஒரு கல்லோட பரப்பளவால வகுக்கணும், வெட்டுறதுலயும் உடையிறதுலயும் போறதுக்கு 10 சதவீதம் கூட்டணும், பாதி கல்லு கால் கல்லுன்னு வந்தா எப்பவும் மேல ஏத்தி முழுசாக்கணும். அந்தக் கடைசி வார்த்தையை ஷீட்டோட மேல ஒரு வரியா எழுதி வச்சுக்குங்க, ஏன்னா நாங்க மொத தடவை அதைக் கேக்கவே இல்ல.

ஸ்டெப் 2: காலம் பேர் போடுங்க

எண், ஸ்டெப்ஸ், டேட்டா, எக்ஸ்பெக்டட், ஆக்சுவல், ஸ்டேட்டஸ், குறிப்பு. ஏழு போதும். நெட்டுல கெடைக்குற டெம்ப்ளேட்ல பதினெட்டு காலம் இருக்கும், மூணு பேர் டீம்ல அதை ரெண்டு நாளைக்கு மேல யாரும் நிரப்ப மாட்டாங்க. எந்த வெர்ஷன், யாரு பாத்தது, எந்த தேதிங்கறதை ஒவ்வொரு வரியிலயும் எழுதாம டேப் பேர்லயும் மேல் வரியிலயும் ஒரே தடவை எழுதிட்டா முடிஞ்சுது.

டேட்டாவை ஸ்டெப்ஸ்ல கலக்காம தனியா வைக்கணும். ஏன்னா ஸ்டெப்ஸ் எல்லா வரிக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: (1) புது ரூம் அமுக்கு, (2) நீளம் அகலம் போடு, (3) கல்லு சைஸ் எடு, (4) கணக்கு பட்டனை அமுக்கு. மாறுறது டேட்டா மட்டும்தான், அது தனியா நின்னாதான் எந்த மாதிரி அளவை இன்னும் பாக்கலைன்னு கண்ணுக்குத் தெரியும். ஸ்டெப்ஸை எழுதிட்டு ஆப்பையே பாக்காத ஒரு ஆளைக் கூப்புட்டு செய்யச் சொல்லுங்க, எங்க நின்னு முழிக்கிறாங்களோ அங்க ஒரு ஸ்டெப் விட்டுருக்கீங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 3: எக்ஸ்பெக்டட்ல நம்பர் போடுங்க, அதுவும் ஆப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி

இதுலதான் நாங்க கோட்டை விட்டோம். "சரியா வரணும்"னு எழுதுனா ஆப்பு எதைக் காட்டுனாலும் அது சரியாத்தான் தெரியும். அதே மாதிரி ஆப்பை ஓட்டிட்டு வந்த நம்பரைப் பாத்து எக்ஸ்பெக்டட்ல எழுதுறவங்க இருக்காங்க, அது காப்பி அடிச்ச பையனையே பேப்பர் திருத்தச் சொல்ற மாதிரி. பேப்பரும் பேனாவும் எடுத்து கையால போடுங்க.

10 அடிக்கு 12 அடி ரூம், 8 இஞ்ச் கல்லு. ரூம் இஞ்ச்ல 120 × 144 = 17280. கல்லு 8 × 8 = 64. வகுத்தா 270, அதோட 10 சதவீதம் 27, மொத்தம் 297. மொத வரி ரெடி.

இப்ப அதே ரூமுக்கு 10 இஞ்ச் கல்லு. 17280-ஐ 100-ஆல வகுத்தா 172.8, 10 சதவீதம் சேத்தா 190.08. அண்ணன் விதிப்படி மேல ஏத்தணும், அப்ப 191.

இந்த ரெண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தை கொஞ்சம் நின்னு பாருங்க. மொத வரி எந்தக் கோட்டுலயும் பாஸ் ஆகும், 297 முழு நம்பர், மேல ஏத்துனாலும் கீழ இறக்குனாலும் 297தான். ரெண்டாவது வரிதான் ஆளைப் புடிக்கும். எங்க கோட்டு இப்படி இருந்துச்சு:

```js
Math.round(area * 144 / (size * size) * 1.1)
```

`round` பக்கத்துல இருக்குற முழு நம்பருக்குப் போகும், 190.08-ஐ 190 ஆக்கிடும். நாங்க டெஸ்ட் பண்ணப்ப போட்டது 8 இஞ்ச் கல்லு மட்டும், அதான் ஜம்முனு பாஸ். அதனால டேட்டா எடுக்கும்போது தப்பான கோட்டும் சரியான கோட்டும் வேற வேற பதில் குடுக்குற மாதிரி நம்பரா தேடி எடுங்க, வட்டமான நம்பர் போட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் மாட்டாது.

ஸ்டெப் 4: ஓட்டுங்க, கண்ணுல பட்டதை அப்படியே எழுதுங்க

எங்க மொத ரன் இது, ஸ்டெப்ஸ் காலமும் குறிப்பு காலமும் இடம் பத்தாதுன்னு இங்க விட்டுட்டேன்:

| எண் | டேட்டா | எக்ஸ்பெக்டட் | ஆக்சுவல் | ஸ்டேட்டஸ் |
|---|---|---|---|---|
| 1 | 10 × 12 அடி, 8 இஞ்ச் | 297 | 297 | பாஸ் |
| 2 | 10 × 12 அடி, 10 இஞ்ச் | 191 | 190 | ஃபெயில் |
| 3 | 10 × 10 அடி, 12 இஞ்ச் | 110 | 110 | பாஸ் |
| 4 | 10 × காலி, 8 இஞ்ச் | "அகலம் போடுங்க"ன்னு மெசேஜ், கணக்கு வரக்கூடாது | 0 கல்லுன்னு வந்துச்சு, மெசேஜ் இல்ல | ஃபெயில் |
| 5 | 10.11 × 12 அடி, 8 இஞ்ச் | ? | 300 | நிக்குது |

ஆக்சுவல்ல "வேலை செய்யல", "எரர் வருது"ன்னு எழுதாதீங்க. நாலாவது வரியைப் பாருங்க, அதைப் படிச்ச உடனே கோட் எழுதுறவன் "ஓ, காலியா விட்டா சைபர்னு எடுத்துக்குது"ன்னு எங்களைக் கேக்காமலே புடிச்சுட்டான். எரர் மெசேஜ் வந்தா அதை எழுத்து மாறாம ஒட்டுங்க, ஸ்கிரீன்ஷாட் லிங்க் குறிப்புல போகட்டும். பாஸ் ஆன வரியிலயும் நம்பரை எழுதணும், "சேம்"னு எழுதுனா நெஜமா பாத்தீங்களா இல்ல சோறு திங்கப் போற அவசரத்துல நிரப்புனீங்களான்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.

அஞ்சாவது வரிக்கு கொஞ்சம் கதை இருக்கு. கொத்தனார் குடுத்த சீட்டுல 10.11-னு எழுதியிருந்துச்சு. அவருக்கு அது 10 அடி 11 இஞ்ச், ஆனா கம்ப்யூட்டருக்கு 10 அடியும் அதுக்கு மேல ஒரு அடியில நூத்துல பதினொரு பங்கும்தான், அதாவது ஒண்ணேகால் இஞ்ச்சுக்கும் கொஞ்சம் மேல. ஆப்பு 300 காட்டுச்சு. நெஜமா 10 அடி 11 இஞ்ச்னா 131 × 144 = 18864, அதை 64-ஆல வகுத்தா 294.75, 10 சதவீதத்தோட 324.225, ஆக 325 கல்லு. 25 கல்லு குறைச்சல்! இதுல கோட்டு கணக்குப் போட்டது தப்பே இல்ல, கேள்விதான் தப்பு. இந்த மாதிரி இடத்துல எக்ஸ்பெக்டட்ட நீங்களா யூகிச்சு எழுதக்கூடாது, கேள்விக்குறி போட்டு நிக்குதுன்னு வச்சுட்டு கஸ்டமரைக் கேளுங்க. அண்ணன் ஒரே வரியில முடிச்சாரு: "அடிக்கு ஒரு கட்டம், இஞ்ச்சுக்கு ஒரு கட்டம் வச்சிருங்க தம்பி, புள்ளி வச்சாலே வம்பு."

ஸ்டெப் 5: ஸ்டேட்டஸை கையால டைப் பண்ண விடாதீங்க

நாலே நாலு: பாஸ், ஃபெயில், நிக்குது, ஓட்டல. நிக்குதுன்னா ஓட்ட முடியல இல்ல எது சரின்னு தெரியல, காரணத்தைக் குறிப்புல எழுதணும். ஓட்டலன்னா இன்னும் தொடவே இல்ல. இந்த ரெண்டையும் காலியா விட்டா எது எதுன்னு குழம்பும்.

ஸ்டேட்டஸ் காலத்தை செலக்ட் பண்ணி Data மெனுவுல Data validation, Add rule, அதுல Dropdown எடுத்து இந்த நாலையும் போடுங்க. நாங்க மொதல்ல டைப்தான் பண்ணோம், ஒருத்தர் பெயில், ஒருத்தர் ஃபெயில், தங்கச்சி ஃபெய்ல். கீழ இருக்குற ஃபார்முலா ஒரே எழுத்தா இருக்குறதை மட்டும்தான் எண்ணும், மூணு ஃபெயில் இருக்கும்போது ஒண்ணுன்னு காட்டிட்டு நிம்மதியா தூங்க விட்டுச்சு.

```
=COUNTIF(F2:F50,"ஃபெயில்")
```

ஸ்டேட்டஸ் எஃப் காலத்துல இருக்குன்னு வச்சு எழுதுனது, உங்க ஷீட்டுக்குத் தக்க மாத்திக்குங்க. அப்புறம் பாதி பாஸ்னு ஒண்ணு கெடையாது. நம்பர் சரி ஆனா மெசேஜ் வரலைன்னா அது ஃபெயில், இல்லைன்னா அந்த வரியை ரெண்டா பிரிங்க.

ஸ்டெப் 6: சரி பண்ண பிறகு எல்லா வரியையும் திரும்ப ஓட்டுங்க

ஃபெயில் ஆன வரியை மட்டும் திரும்பப் பாத்துட்டு போயிடத்தான் கை பரபரக்கும். எங்க ஆளு `round`-ஐ `ceil` ஆக்குனான், அது எப்பவும் மேல ஏத்தும், ரெண்டாவது வரி 191 வந்து பாஸ். அகலம் காலியா விட்டா மெசேஜும் வந்துருச்சு. முடிஞ்சுதுன்னு அவன் டீக்கு எந்திரிச்சுட்டான், தங்கச்சிதான் "அண்ணே இருங்க, மிச்சத்தையும் ஓட்டிறேன்"னுச்சு. மூணாவது வரி, மொத ரன்ல பாஸ் ஆனது, இப்ப 111 காட்டுது. 100 கல்லு, 10 சதவீதம், 110தானே வரணும்?

பிரவுசர் கன்சோல்ல இதைப் போட்டுப் பாருங்க:

```js
100 * 1.1
```

`110.00000000000001`-னு வரும். கம்ப்யூட்டர் 1.1-ஐ பைனரியில முழுசா வச்சுக்க முடியாது, கடைசியில ஒரு துளி ஒட்டிக்கும். `round` அந்தத் துளியைத் தட்டி விட்டுருச்சு, `ceil` அதையும் ஒரு கல்லா எண்ணிருச்சு. தசமமே வராத மாதிரி இஞ்ச்லயும் முழு நம்பர்லயும் கணக்கை மாத்துனோம்:

```js
Math.ceil((lenIn * widIn * 110) / (size * size * 100))
```

பழைய ரன்னோட ரிசல்ட்டை அழிக்காதீங்க. டேபை டூப்ளிகேட் பண்ணி "ரன் 2", "ரன் 3"ன்னு பேர் வச்சு, ஆக்சுவலையும் ஸ்டேட்டஸையும் மட்டும் காலி பண்ணிட்டு ஆரம்பிங்க. மூணாவது வரி பாஸ், ஃபெயில், பாஸ்னு போனது இன்னிக்கும் எங்க ஷீட்ல தெரியுது, யாராச்சும் அந்த 110-ஐ திரும்ப 1.1 ஆக்கலாமேன்னு கேட்டா அந்த மூணு டேபையும் காட்டிடுவோம்.

ரன் 3-ல அஞ்சாவது வரியோட டேட்டா "10 அடி 11 இஞ்ச் × 12 அடி 0 இஞ்ச்"னு மாறிச்சு, எக்ஸ்பெக்டட் 325, ஆக்சுவல் 325. அப்புறம் ஆறாவதா ஒரு வரி சேத்திருக்கோம், இஞ்ச் கட்டத்துல 12 போட்டா என்ன ஆகணும்னு. அது இன்னும் நிக்குது, அண்ணன் ஒரு கல்யாண வீட்டுத் தரைக்கு கல்லு ஊத்திட்டு இருக்காராம், வந்து சொல்றேன்னிருக்காரு.