பம்ப் ஓடினால் நானோ ரீசெற் ஆகிறதா? முதலில் கிறவுண்ட் வயரைப் பாருங்கள்

எங்கள் கிணற்றடியில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தண்ணீர் விட ஒரு சின்ன 12 வோல்ற் பம்ப் வைத்திருக்கிறேன். மண் காய்ந்தால் ஆர்டுவினோ நானோ பம்பைப் போடும். பற்றறியும் 5 வோல்ற் பக் கன்வேர்ட்டரும் விறாந்தையில், நானோவும் மொஸ்ஃபெற்றும் 3 மீற்றர் தள்ளிக் கிணற்றடிப் பெட்டியில். பம்ப் ஓடத் தொடங்கும் அதே கணத்தில் நானோ ரீசெற் ஆகிவிடும். இரண்டு கிழமை புரோகிராமில்தான் பிழை தேடினேன். பிழை வயரில் இருந்தது.

1. ரீசெற்தானா என்று உறுதிப்படுத்துங்கள்

`setup()` தொடங்கும்போது நானோவிலேயே உள்ள லைற் மூன்று தரம் மின்னட்டும்:

```
pinMode(13, OUTPUT);
for (int i = 0; i < 3; i++) {
  digitalWrite(13, HIGH); delay(150);
  digitalWrite(13, LOW);  delay(150);
}
```

பம்ப் ஓடும்போது இது மின்னினால் ரீசெற்தான். சீரியல் மொனிற்றரில் பார்க்க வேண்டாம். நான் அதில்தான் ஏமாந்தேன். லப்ரொப்பைக் கொழுவியதும் யூஎஸ்பி வழியாக நானோவுக்கு வேறு 5 வோல்ற் கிடைக்கிறது, ரீசெற் நின்றுவிடுகிறது. கழற்றினால் திரும்ப வருகிறது.

2. கிறவுண்ட் எவ்வளவு உயர்கிறது என்று அளவுங்கள்

மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றறியின் மைனஸிலும் சிவப்பு முனையை நானோவின் GND-இலும் வையுங்கள். பம்ப் ஓடட்டும். எனக்கு 0.6 வோல்ற் காட்டியது. இரண்டும் ஒரே மைனஸ் என்று நினைத்திருந்த இடத்தில் 0.6.

காரணம், பெட்டியிலிருந்து பற்றறிக்குத் திரும்ப ஒரேயொரு மெல்லிய வயர்தான் இருந்தது. நானோவின் மின்னோட்டமும் பம்பின் மின்னோட்டமும் அதே வழியால் திரும்பின. பம்ப் ஓடும்போது 2 அம்பியர் எடுக்கும். 0.6-ஐ 2-ஆல் வகுத்தால் வயரின் தடை 0.3 ஓம்.

தொடக்கக் கணத்தை மீற்றரால் பிடிக்க முடியாது, கணக்கில் பிடிக்கலாம். சுழலாமல் நிற்கும் மோட்டர் வெறும் கம்பிச்சுருள்தான். என் பம்பின் சுருள் 1.2 ஓம், வயரோடு சேர்த்து 1.5. 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8 அம்பியர். அது 0.3 ஓமில் 2.4 வோல்ற் விழுத்தும். 5 வோல்ற் அனுப்பினாலும் நானோவுக்குச் சேர்வது 2.6. நானோவின் சிப் வழக்கமாக 2.7 வோல்ற்றுக்குக் கீழே போனால் தானாக ரீசெற் ஆகும்படி வைக்கப்பட்டிருக்கிறது.

5V-க்கும் GND-க்கும் இடையே 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் போட்டும் பார்த்தேன். ரீசெற் குறைந்தது. ஆனால் பம்ப் ஓடும்வரை நானோவுக்கு 4.4 வோல்ற்தான். என் ஈரப்பத சென்சருக்குள் தனி 3.3 வோல்ற் ரெகுலேற்றர் இருப்பதால் அதன் வெளியீடு மாறவில்லை. நானோ தனக்குக் கிடைக்கும் வோல்ற்றையே கோலாக வைத்து அளப்பதால் அந்தக் கோல்தான் சுருங்கியது. அதனால் 400 என்ற அளவு 454 ஆகத் தெரிந்தது. இந்த வகை சென்சரில் எண் கூடினால் மண் காய்ந்தது என்று பொருள். தண்ணீர் விட விட மண் காய்கிறது என்று நானோ நம்பியது.

3. திரும்பும் வழிகளைப் பிரியுங்கள்

மொஸ்ஃபெற்றின் சோர்ஸ் காலிலிருந்து பற்றறியின் மைனஸ் முனைக்கே 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றைத் தனியாக இழுங்கள். நானோவின் GND பழைய மெல்லிய வயரால் பக் கன்வேர்ட்டருக்குப் போகட்டும், அங்கிருந்து பற்றறிக்கு. இரண்டும் சந்திக்கும் இடம் பற்றறி முனை மட்டுமே. சென்சரின் கிறவுண்ட் நானோவின் பக்கம்.

நான் இடறியது இங்கேதான். தடித்த வயரை இழுத்த பிறகும் பெட்டிக்குள் சோர்ஸையும் GND-ஐயும் இணைத்த சின்னத் துண்டு வயரை விட்டுவிட்டேன். அப்போது இரண்டு வயரும் சேர்ந்து ஒரு வளையம், பம்ப் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு திரும்பவும் மெல்லிய வயரால் போகும். மீற்றர் காட்டிக்கொடுக்கும்: சில மில்லிவோல்ற் வரவேண்டிய இடத்தில் 60 வந்தது. துண்டை வெட்டியதும் 6.

மொஸ்ஃபெற் IRLZ44N போல 5 வோல்ற் கேற்றில் முழுதாகத் திறக்கும் வகையாக இருக்கட்டும். இப்போது சோர்ஸ் சற்று உயர்வதால் கேற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். IRF540 வேண்டாம். போடுவது நிறுத்துவது மட்டும் என்றால் இந்த அமைப்புப் போதும். பிடபிள்யூஎம்மால் வேகம் மாற்றுவதென்றால் மொஸ்ஃபெற்றைப் பற்றறிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

4. மோட்டரின் மின் இரைச்சல்

இதை மோட்டரின் முனையிலேயே அடக்க வேண்டும். 1N5822 டயோட்டைக் கோடுள்ள பக்கம் பிளஸில் வரும்படி பற்றவையுங்கள், அதோடு 100 நானோஃபரட் செராமிக் ஒன்று. மோட்டர் வயர் இரண்டையும் முறுக்கி விடுங்கள்.

பின்சேர்க்கை: பருத்தித்துறையிலிருந்து ஒருவர், ஒரு மாதம் நன்றாக ஓடியபின் ரீசெற் திரும்ப வந்ததாக எழுதியிருந்தார். உப்புக்காற்றில் தடித்த வயரின் முனை பச்சை பிடித்திருந்தது. பெட்டிக்குள் அந்தத் துண்டு வயரும் இருந்ததால் பம்பின் மின்னோட்டம் முழுவதும் மெல்லிய வயருக்குத் திரும்பியிருக்கிறது. துண்டு இல்லாவிட்டால் பம்ப் மட்டும் நின்றிருக்கும், பழுது எங்கே என்று உடனே தெரிந்திருக்கும். துண்டை வெட்டி, முனையைச் சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்கச் சொன்னேன். இப்போது அவருக்கும் 10 மில்லிவோல்ற்றுக்குக் கீழேதான் காட்டுகிறது.