விளம்பரத்தில் மலைப்பூண்டு, பக்கத்தில் சாக்லேட்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி கூகுளில் தேடுகிறவர் பெரும்பாலும் வாங்கத்தான் வருகிறார். பூம்பாறைப் பக்கத்துக் கடை ஒன்று 'அசல் மலைப்பூண்டு, அரை கிலோ, வீட்டுக்கே டெலிவரி' என்று விளம்பரம் கொடுக்கிறது என்று வையுங்கள். கிளிக் செய்தால் திறப்பதோ கடையின் முகப்புப் பக்கம். மேலே ஹோம்மேட் சாக்லேட், கீழே தைலம், தேன். பூண்டைப் பார்க்க மூன்று முறை ஸ்க்ரோல் செய்ய வேண்டும், அங்கேயும் விலை இல்லை, 'வாட்ஸ்அப்பில் கேளுங்கள்' என்று மட்டும் இருக்கிறது. வந்தவர் பின்னால் போய் அடுத்த விளம்பரத்தைத் தொடுகிறார். கிளிக்குக்கான காசு மட்டும் போய்விட்டது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கிளிக்குக்கு 8 ரூபாய், 200 கிளிக், செலவு 1,600. ஆர்டர் இரண்டு என்றால் கன்வர்ஷன் ரேட் 1 சதவீதம், ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு மட்டும் 800 ரூபாய். அரை கிலோ பூண்டில் அவ்வளவு லாபம் எங்கே இருக்கிறது? இதே 200 பேரில் ஆறு பேர் வாங்கினால் ஒரு ஆர்டருக்கான செலவு 267 ரூபாய் ஆகிறது.

இந்த இடத்தில் பலரும் விளம்பர வாசகத்தைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் கூகுள் ஆட்ஸில், விளம்பரத்துக்கு நாம் கொடுத்த தேடல் சொற்களான கீவேர்டுகளின் பட்டியலைத் திறந்து Quality Score, Exp. CTR, Ad relevance, Landing page exp. ஆகிய நான்கு நெடுவரிசைகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது 1 முதல் 10 வரை வரும் மதிப்பெண். மற்ற மூன்றும் அதன் கூறுகள்: விளம்பரத்துக்குக் கிளிக் வரும் வாய்ப்பு, தேடலுக்கு விளம்பரம் பொருந்தும் அளவு, கிளிக் செய்தால் திறக்கும் பக்கத்தின் தரம். அதே கீவேர்டுக்கு விளம்பரம் செய்யும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படுபவை. நம் கடைக்கு நடு இரண்டும் நன்றாக இருந்து, கடைசியில் Below average என்று வந்தால் கோளாறு பக்கத்தில்தான். தேடல் குறைவான கீவேர்டுக்கு மதிப்பெண்ணே வராமல் வெறும் கோடு இருக்கும். அதைத் தவறு என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, இந்த மதிப்பெண் நோயைக் காட்டுவதற்குத்தான். எந்த விளம்பரம் எந்த இடத்தில் வரும் என்று கூகுள் முடிவு செய்யும் ஏலத்தில் இந்த எண் அப்படியே நுழைவதில்லை. ஒவ்வொரு தேடலின்போதும் கூகுள் தரத்தைத் தனியாகக் கணக்கிடுகிறது. ஆனால் அதிலும் பக்கத்தின் தரம் சேரும். பக்கம் மோசமானால் அதே இடத்தைப் பிடிக்க அதிகம் கொடுக்க வேண்டிவரும். எனவே 10 வாங்குவதை இலக்காக வைத்து ஓடாதீர்கள், ஆர்டரைப் பாருங்கள்.

திருத்தம் சின்னதுதான். பூண்டுக்கென்று தனிப் பக்கம் வையுங்கள். கைபேசியின் முதல் திரையிலேயே விளம்பரத்தில் சொன்ன அதே பெயர், அதே அரை கிலோ, விலை, டெலிவரி நாள், 'வாங்கு' பட்டன் இவை தெரிய வேண்டும். விலையை விளம்பரத்திலும் போட்டால் கிளிக் கொஞ்சம் குறையலாம். குறைந்தால் நல்லதே, விலைக்குத் தயங்குகிறவரின் கிளிக்குக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

பூண்டு தீர்ந்துபோனால் 'ஸ்டாக் இல்லை' பலகையோடு விளம்பரத்தை ஓடவிடாதீர்கள். அடுத்த அறுவடை வரும்வரை அந்த விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.