ஆன்கா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்

போன மாதம் காரைக்குடியில் என் ஓபி முடியும் நேரம். என்னோடு வேலை பார்க்கும் இளம் டாக்டர் ஒரு ரிப்போர்ட்டை நீட்டி, "சார், பி-ஆன்கா பாசிட்டிவ். ஸ்டீராய்டு ஆரம்பிச்சிரலாமா?" என்று கேட்டார். ஆன்கா என்பது இரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகித்தால் செய்யும் இரத்தப் பரிசோதனை. இது கானாடுகாத்தான் ஆச்சி ஒருவருடைய ரிப்போர்ட். ஆறு மாதமாக விரல் மூட்டுகளில் வலி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கையை மடக்க முடிவதில்லை. வேறு தொந்தரவு இல்லை.

"யூரின் பார்த்தீங்களா?" என்றேன். பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வயதில் நான் செய்தது இதைவிட மோசம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அளவு என்பதை ஏட்டுப் பாடமாக நினைப்பது

இரத்தக்குழாய்ச் சுவரில் வரும் அழற்சிதான் வாஸ்குலைட்டிஸ். எந்தக் குழாயை அது அதிகமாகத் தாக்குகிறது என்பதை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிக்கிறார்கள். 1994-ல் அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் நடந்த நிபுணர் கூட்டத்தில் முடிவான பிரிவு இது. 2012-ல் திருத்தினார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற சங்கதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றால்தான் அதன் பயன் தெரியும். ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கை பிரஷருக்கும் பெரிய வித்தியாசம் என்றால் அடிபட்டது பெரிய குழாய், டகயாசு நோய் மாதிரி. சிறுநீரகத்துக்குள் போகும் நடுத்தரத் தமனி அடிபட்டால் பிரஷர் ஏறும், சிறுநீரகத்தில் ஒரு துண்டு செத்துக்கூடப் போகலாம். ஆனால் சிறுநீரில் சிவப்பணு வார்ப்புகள், அதாவது சிறுநீரக நுண்குழலில் அச்சு வார்த்தது போல ஒட்டிய சிவப்பணுக்கள், வராது. ஏனென்றால் அந்த வார்ப்பு உருவாக வேண்டுமானால் குளோமெருலஸில் இரத்தம் கசிய வேண்டும். குளோமெருலஸ் என்பது தந்துகிகளைச் சுருட்டி வைத்த ஒரு பந்து. அங்கே அழற்சி என்றால் அது சிறு குழாய் நோய். காலில் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற, கண்ணாடியை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகளும் சிறு குழாயின் அடையாளம்தான்.

ஆன்காவுக்கு இடம் இந்தச் சிறு குழாய் வரிசையில்தான், அதிலும் ஒரு பாதியில்தான். ஒரு பக்கம் ஆன்கா சார்ந்த மூன்று நோய்கள். அவற்றில் குழாய்ச் சுவரில் எதிர்ப்புரதப் படிவு அனேகமாக இருக்காது. இன்னொரு பக்கம் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், கிரையோகுளோபுலின் போன்றவை. இவற்றில் படிவு இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சிறுநீர் பார்க்காமல் ஆன்கா அனுப்புவது

அனுப்பாதீர்கள்.

பி-ஆன்காவை நோயின் பெயராகப் படிப்பது

ஆன்கா என்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்குள் இருக்கும் பொருள்களுக்கு எதிரான எதிர்ப்புரதம். பழைய முறையில் ஸ்லைடில் நியூட்ரோஃபிலை ஆல்கஹாலில் பதப்படுத்தி, நோயாளியின் சீரத்தைவிட்டு, ஒளிர்வதைப் பார்ப்பார்கள். அணு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் சி-ஆன்கா, அது பெரும்பாலும் பிஆர்3 என்ற புரதத்துக்கு எதிரானது. உட்கருவைச் சுற்றி ஒளிர்ந்தால் பி-ஆன்கா. இரண்டாவது உண்மையில் ஆல்கஹால் செய்யும் வேலை. பி-ஆன்கா பெரும்பாலும் பிடிக்கிற எம்பிஓ என்ற புரதத்துக்கு நேர் மின்னேற்றம். ஆல்கஹால் பட்டதும் இடம் பெயர்ந்து உட்கருவில் ஒட்டிக்கொள்கிறது. நம் உடம்புக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை.

ஆகவே உட்கருவைப் பிடிக்கிற வேறு எந்த எதிர்ப்புரதம் இருந்தாலும் ஸ்லைடில் அதே போலத் தெரியக்கூடும். ஆச்சிக்கு ஏஎன்ஏ என்ற, உட்கருவுக்கு எதிரான எதிர்ப்புரதம் பாசிட்டிவ். எம்பிஓ, பிஆர்3 இரண்டையும் தனித்தனியாக அளந்தபோது இரண்டும் நெகட்டிவ். சிறுநீர் சுத்தம். அவருக்கு இருந்தது முடக்குவாதம். 2017 முதலே சர்வதேச நிபுணர் கருத்து, நல்ல தரமான பிஆர்3, எம்பிஓ பரிசோதனையை முதலில் செய்தால் போதும் என்பதுதான். ஆனால் பழக்கம் இன்னும் விடவில்லை.

ஆன்கா பாசிட்டிவ் என்றதும் காரணம் தேடுவதை நிறுத்துவது

இதுதான் நான் செய்தது. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போது நான் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜூனியர். ஆத்தங்குடிக்காரர், டைல்ஸ் செய்கிறவர், நாற்பத்தாறு வயது. ஆறு வாரமாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. ஏழு கிலோ இளைத்திருக்கிறார். இரண்டு கணுக்காலிலும் அழுத்தினால் மறையாத புள்ளிகள். சிறுநீரில் சிவப்பணுக்கள், கிரியேட்டினின் 2.4. இரண்டு நாளில் சி-ஆன்கா பாசிட்டிவ் என்று வந்தது.

சிலிக்கா தூசிக்கும் ஆன்கா வாஸ்குலைட்டிஸுக்கும் தொடர்பு உண்டு என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். மணலும் சிமெண்டும் கையாளுகிறவர். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆத்தங்குடியில் அந்தத் தொழில் நடக்கும் விதம் தெரிந்திருந்தால் அவ்வளவு குதித்திருக்க மாட்டேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்த கல்லை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்கிற வேலை அது. பாதி நேரம் கை ஈரத்தில்தான் இருக்கும். பாறை உடைக்கிறவர் மூச்சில் போகிற தூசியோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் ஏற்றினோம். காய்ச்சல் நின்றது. வார்டில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். ஆறாம் நாள் காலையில் அவருக்கு வலது கை தூக்க வரவில்லை, பேச்சுக் குழறியது. பக்கவாதம். அதற்கப்புறம்தான் எக்கோ எடுத்தோம். மைட்ரல் வால்வில் ஒரு கட்டி ஆடிக்கொண்டிருந்தது. இரத்தக் கல்ச்சரில் மூன்றாம் நாள் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. அவருக்கு இருந்தது இதய வால்வில் கிருமித் தொற்று, எண்டோகார்டைட்டிஸ். அதிலிருந்து பிய்ந்த ஒரு துண்டுதான் மூளைக்குப் போயிருக்கிறது. நான் ஏற்றிய ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்ததே தவிர கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

வாரக்கணக்கில் இரத்தத்தில் கிருமி சுற்றும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் தூண்டப்படுகிறது. சிலருக்கு அதில் ஆன்காவும் உண்டாகிவிடும், பெரும்பாலும் பிஆர்3 வகை. கிருமியும் எதிர்ப்புரதமும் சேர்ந்த கூட்டு குளோமெருலஸில் போய்ப் படிந்தால் சிறுநீரில் சிவப்பணு வரும், தோலில் புள்ளி வரும். பார்ப்பதற்கு அப்படியே வாஸ்குலைட்டிஸ். ஒரு வகையில் அது வாஸ்குலைட்டிஸேதான், ஆனால் காரணம் உள்ள வாஸ்குலைட்டிஸ். 2012 பிரிவில் அளவுக்கு வெளியே, காரணம் தெரிந்தவற்றுக்கு என்றே தனி வரிசை உண்டு: ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மருந்து, புற்றுநோய். அந்த வரிசையை நான் வாசித்துவிட்டுத் தாண்டியிருந்தேன்.

துப்பு எல்லாம் முதல் நாளே என் கண் முன்னால் இருந்தது. சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் குறைவாக வந்திருந்தது. படிவு உள்ள நோய் சி3-ஐச் செலவழிக்கும். படிவில்லாத ஆன்கா நோயில் அது பொதுவாகக் குறையாது. மண்ணீரல் விரல்நுனிக்குத் தட்டுப்பட்டது. இதயத்தில் மர்மர் கேட்டது, இரத்தசோகையால் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சி-ஆன்கா நோயில் அடிக்கடி வரும் மூக்குப் பொருக்கு, சைனஸ் தொந்தரவு எதுவும் அவருக்கு இல்லை. பின்னால் அளந்தபோது பிஆர்3, எம்பிஓ இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால் தொற்றையோ மருந்தையோ சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, அவர் மனைவி அட்மிஷன் அன்றே சொன்னார்: "பல்லுப் புடுங்குனதுல இருந்துதான் டாக்டர் இவருக்கு இப்புடி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னா அஞ்சு நாள் நல்லாருக்காரு, விட்டா திரும்பவும் காயுது." ஆன்டிபயாட்டிக்கில் நிற்கிற காய்ச்சல். கேஸ் ஷீட்டில் அதை நான் எழுதவே இல்லை.

செஃப்ட்ரையாக்ஸோன் தினம் 2 கிராம், நான்கு வாரம். கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கியது. ஆன்காவும் சில மாதங்களில் மறைந்தது. கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வண்ணச் சாந்தை அச்சுக்குள் சிந்தாமல் ஊற்றுகிற கை அது. இப்போது பட்டறையில் கல்லை எண்ணி வண்டியில் ஏற்றிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து, காய்ச்சலோடு ஆன்கா பாசிட்டிவ் என்று யார் வந்தாலும் முதல் ஸ்டீராய்டுக்கு முன்னால் மூன்று முறை இரத்தக் கல்ச்சர். மூன்றும் வேறு வேறு இடத்தில் குத்தி எடுக்க வேண்டும், முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு பாட்டிலிலும் எட்டிலிருந்து பத்து மில்லி. அப்புறம் எக்கோ, சி3. நுரையீரலில் இரத்தம் கசிந்து மூச்சுத் திணறுகிறவரைக் காத்திருக்க வைக்க முடியாதுதான். அவருக்கும் கல்ச்சரை எடுத்துவிட்டுத்தான் மருந்து. ஊசி குத்தும் நேரம்தான் ஆகும். ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: சி3 சரியாக இருப்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் கல்ச்சர் ஏமாற்றும். எண்டோகார்டைட்டிஸ் வந்த சிலருக்குச் சிறுநீரக பயாப்சியிலும் படிவு இல்லாமல், அசல் ஆன்கா நோய் போலவே இருக்கும். அப்போது நமக்கு மிச்சம் இருப்பது பல் புடுங்கிய கதைதான்.

மாத்திரைப் பையைப் பார்க்காமல் விடுவது

தைராய்டுக்குக் கார்பிமசோல் அல்லது புரொப்பைல்தயோயுராசில், பிரஷருக்கு ஹைட்ரலசின். மூன்றும் ஆன்காவைக் கொண்டுவரும். கேளுங்கள்.

நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்பது

சிறுநீரகத்தில் அசல் நோய் இருந்தும் பத்தில் ஒருவருக்காவது ஆன்கா வராது. ஆஸ்துமா, ஈசினோஃபில் ஏற்றத்தோடு வரும் வகையில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வரும். கிரியேட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, சிறுநீரில் வார்ப்பு இருக்கிறது என்றால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு பயாப்சிக்கு அனுப்புங்கள்.

பாசிட்டிவ் என்ற தாளை அப்படியே கொடுத்தனுப்புவது

ஆச்சிக்கு முடக்குவாத மருந்து ஆரம்பித்தாயிற்று. ஃபைலைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த பி-ஆன்கா தாளின் மேலேயே, "எம்பிஓ, பிஆர்3 நெகட்டிவ், சிறுநீர் இயல்பு, வாஸ்குலைட்டிஸ் இல்லை" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மகள் வீட்டுக்கு மதுரைக்குப் போகிறாராம். அங்கே எந்த டாக்டரிடம் காட்டினாலும் முதலில் கண்ணில் படப்போவது அந்தத் தாள்தான்.