ஆறு மாதத் தவணை விடுப்புக்கு நிஜ விலை என்ன?

2020-ல் ரிசர்வ் வங்கி தந்த மாதிரி ஆறு மாதத் தவணை விடுப்பு (மாரட்டோரியம்) எடுத்தால், அந்த ஆறு தவணையைப் பின்னால் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக் கடனில் 30 லட்சம் பாக்கி, 9% வட்டி, இன்னும் 180 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 30,430 ரூபாய். ஆறு மாதம் கட்டாவிட்டால் சுமார் 1.37 லட்சம் வட்டி அசலில் சேரும். பழைய தவணையையே தொடர்ந்தால், விடுப்புக்குப் பிறகு 180-க்குப் பதில் 199 தவணை கட்ட வேண்டிவரும். கூடுதலாகப் போவது ஏறக்குறைய 5.7 லட்சம்! கடனின் ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போவதுதான் காரணம்.

வேறு வழியில்லாமல் எடுத்தால், வங்கி அனுமதித்தால் மாத வட்டி 22,500-ஐ மட்டுமாவது கட்டுங்கள், அசல் ஏறாது. அதுவும் முடியாதா? சரி, விடுப்பு முடிந்ததும் சேர்ந்த 1.37 லட்சத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் மறுபடியும் 180 தவணைதான். அப்புறம் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதியைப் பாருங்கள்.